கவர் ரோல் மூன்றாவது தடவையும் லேட்: சப்ளையருக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

கைமுறுக்கு · செப்டம்பர் 24, காலை

வணக்கம். மணப்பாறையில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் முறுக்கு, சீடை போட்டு விற்கிறோம். நான், வீட்டுக்காரர், வேலைக்கு ஆறு பெண்கள். 200 கிராம் பாக்கெட்டுக்கு அச்சடித்த கவரை ரோலாக வாங்கி மெஷினில் ஓட்டுகிறோம். ஒரு ஆர்டர் 200 கிலோ, அதில் முப்பதாயிரம் கவர் சொச்சம் வரும்.

சப்ளையர் தெற்கே உள்ள ஒரு அச்சகம். இந்த வருஷம் முதல் ஆர்டர் ஜூன் 20 தருவதாகச் சொல்லி ஜூலை 1 வந்தது. இரண்டாவது ஆகஸ்ட் 1 என்று சொல்லி ஆகஸ்ட் 16. மூன்றாவது ஆகஸ்ட் 25 கொடுத்தேன், செப்டம்பர் 12 தருகிறேன் என்றார். இன்று 24. போன் செய்தால் "நாளைக்கு லோடு ஏறிடும்மா" என்ற ஒரே பதில்தான். தீபாவளி சரக்கை அக்டோபர் முதல் வாரத்தில் கடைகள் கேட்கின்றன.

நேற்று ராத்திரி உட்கார்ந்து இப்படி எழுதினேன். அனுப்பலாமா?

"ஐயா, எத்தனை தடவை சொல்வது? ஒவ்வொரு முறையும் இதே கதை. எங்கள் வியாபாரமே உங்களால் நாசமாகிறது. உடனடியாக ரோலை அனுப்பவும். தவறினால் சட்டப்படி கடும் நடவடிக்கை எடுக்கப்படும். இதுவரை ஏற்பட்ட நஷ்டம் முழுவதையும் நீங்களே தர வேண்டும்."

---

நெருப்பு

அக்கா, இதையே அனுப்புங்க. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துக்கூட எழுதலாம். பாக்கிப் பணம் இருந்தால் ஒரு பைசா கொடுக்காதீங்க. அது ஒன்றுதான் அவங்களுக்குப் புரியும்.

---

கைமுறுக்கு

அதைத்தான் செய்திருக்கிறேன் தம்பி. ஆகஸ்ட் பில்லில் 41,360 ரூபாய் பாக்கி, கொடுக்கவில்லை. மூன்றாவது ஆர்டருக்கு 20,000 அட்வான்ஸ் மட்டும் போயிருக்கிறது.

---

திருச்சி வாசி

நுகர்வோர் கோர்ட்டில் போடுங்கள் மேடம். வக்கீல்கூட வேண்டாம், நீங்களே போகலாம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வாஷிங் மெஷினுக்குப் போட்டு ஜெயித்தார்.

---

ஓய்வு பர்ச்சேஸ்

அம்மா, நான் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன். இந்த மாதிரிக் கடிதங்களை வாங்கி ஃபைலில் போட்டிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் கோபம் இருக்கிறது, தேதி இல்லை. எந்த ஆர்டர், எத்தனை கிலோ, எந்த நாள் சொன்னார், எந்த நாள் வந்தது என்பதெல்லாம் இங்கே எங்களிடம் சொன்னீர்கள். அவரிடம் சொல்லவே இல்லை. "உடனடியாக" என்ற சொல்லை மூன்று மாதம் கழித்துப் படிக்கிறவனுக்கு அது எந்தத் தேதி என்று தெரியாது. "கடும் நடவடிக்கை" என்பதும் அப்படித்தான். அவர் மேஜையில் இந்த மாதம் அந்த வரியோடு பத்துக் கடிதம் கிடக்கும்.

ஆர்டர் எதில் கொடுத்தீர்கள்? போனிலா, எழுத்திலா?

---

கைமுறுக்கு

வாட்ஸ்அப்பில்தான் சார். "200 கிலோ, பழைய டிசைன்" என்று போட்டேன். "ஓகே, 12ம் தேதி" என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

---

ஓய்வு பர்ச்சேஸ்

அந்த ஒரு வரி போதும். அவரே 12 என்று எழுதியிருக்கிறார். போன் மாற்றினாலும் அந்த உரையாடல் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பேரேடு

ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன், வக்கீல் இல்லை. ஆனால் இந்த மாதிரிச் சண்டை வாரத்துக்கு ஒன்று எங்கள் மேஜைக்கு வரும். அக்கா கவனிக்க வேண்டியது இரண்டு.

முதலாவது, பழைய நஷ்டம். 1872ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு 55 என்று ஒன்று இருக்கிறது. குறித்த நாளில் தராத சரக்கைப் பிறகு நீங்கள் வாங்கிக்கொண்டால், வாங்கும்போதே "இதற்கு நஷ்டஈடு கேட்பேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வாங்கி வைத்துவிட்டால், தாமதத்துக்காகப் பின்னால் கேட்க முடியாது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா? இல்லை என்றால் "இதுவரை ஏற்பட்ட நஷ்டம் முழுவதும்" என்ற வரிக்கு உயிர் இல்லை. அந்த இரண்டையும் வழக்கமாகத் தாமதிக்கிறார் என்று காட்ட மட்டும் பயன்படுத்துங்கள். பணம் கேட்பதை மூன்றாவது ஆர்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நீங்கள் பிடித்து வைத்திருக்கும் பணம். இதில்தான் எனக்குப் பயம். அந்த அச்சகம் உத்யம் பதிவு வைத்திருக்கும் சிறு நிறுவனமா? பில்லின் மேலேயோ கீழேயோ அந்த எண் இருக்கும்.

---

கரூர் தறி

எனக்கும் இதே கதைதான். மூன்று லட்ச ரூபாய்க்குப் போர்வை அனுப்பினேன், எட்டு மாசமாகப் பணம் வரவில்லை. சமாதான் என்று அரசாங்கத் தளம் இருக்கிறது, அதில் போட்டேன், கவுன்சிலிலிருந்து நோட்டீஸ் போனதும் பாதி வந்துவிட்டது. சிறு தொழில் செய்கிறவர்களுக்காகவே வந்தது அது. அக்கா, நீங்களும் அதில் போடுங்கள்.

---

பேரேடு

கரூர் அண்ணே, உங்கள் வழக்கு தலைகீழ். நீங்கள் சரக்கு கொடுத்துவிட்டுப் பணத்துக்கு நிற்பவர். அந்தத் தளம் உங்களுக்கானது. அக்கா சரக்குக்கு நிற்பவர், அதில் அவர் போட இடமே கிடையாது. அதைவிட மோசம், அதில் போடும் உரிமை இப்போது அந்த அச்சகத்துக்காரருக்குத்தான் இருக்கிறது.

2006ம் வருஷத்துக் குறு, சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் கெடு பேசாவிட்டால் சரக்கு வந்த 15 நாளுக்குள் பணம் போக வேண்டும். எழுத்தில் பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் கூடாது. சரக்கு ஆகஸ்ட் 16 வந்தது என்றால் ஆகஸ்ட் கடைசியிலேயே கெடு முடிந்துவிட்டது. அதன் பிறகு ஓடும் வட்டி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. சரக்கில் ஆட்சேபம் இருந்தால் வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருந்தால் கெடு தள்ளிப்போயிருக்கும். நீங்கள் சொல்லவில்லை.

அதாவது, தாமதம் என்று நீங்கள் கடிதம் எழுதினால் "முதலில் நீ தர வேண்டியதைத் தந்தாயா" என்று அவர் பதில் எழுதுவார்.

---

நெருப்பு

என்ன சார், அவன் லேட் பண்ணுவான், நாம உடனே பணம் கட்டணுமா? எந்த ஊர் நியாயம் இது?

---

பேரேடு

நியாயத்தைப் பற்றி நான் பேசவில்லை தம்பி. அந்தத் தாமதத்தால் வந்த நஷ்டத்தை அந்த பில்லிலேயே கழிக்கலாமா என்று வாதாடிப் பார்க்க இடம் இருக்கிறது, வக்கீல்கள் இரண்டு பக்கமும் பேசுவார்கள். 41,360 ரூபாய்க்கு அந்த வாதம் கட்டுபடியாகுமா என்பதுதான் என் கேள்வி.

---

கைமுறுக்கு

பில்லைப் பார்த்தேன். உத்யம் எண் இருக்கிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் நான் எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. போனில் கத்தினேன், அவ்வளவுதான்.

---

திருச்சி வாசி

லாரி ரசீதில் கையெழுத்துப் போடும்போது "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதினால் போதும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இனிமேல் அப்படிச் செய்யுங்கள்.

---

ஓய்வு பர்ச்சேஸ்

பாதி சரி. லாரி ரசீது லாரி ஆபீஸுக்குப் போகும், அச்சகத்துக்காரர் கண்ணில் படாது. அவருடைய டெலிவரி செல்லான் நகலில் எழுதி, அதைப் படம் எடுத்து, அதே நாளில் அவருக்கே அனுப்ப வேண்டும். சொல்ல வேண்டியது சரக்கு தந்தவரிடம்.

நுகர்வோர் கோர்ட்டையும் நம்பி உட்காராதீர்கள். வாஷிங் மெஷின் வீட்டுக்கு வாங்கியது. கவர் ரோல் விற்பனைக்காக வாங்கியது. பிழைப்புக்கான சுயதொழிலுக்கு விலக்கு உண்டு என்றாலும், ஆறு பேர் வேலை செய்யும் இடத்தை அதில் சேர்ப்பார்களா என்பதிலேயே வருஷம் ஓடிவிடும்.

---

அச்சுமை

நானும் அச்சகம் வைத்திருப்பவன்தான், வேறு ஊர். சப்ளையர் பக்கம் யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

உங்கள் ரோல் தயாராக உண்மையில் ஆகும் நேரம் ஒரு வாரம்தான். உங்கள் டிசைன் பொறித்த சிலிண்டரை மாட்டி மேல் ஃபிலிமில் அச்சடிக்க ஒரு ஷிப்ட். மறுநாள் உள் ஃபிலிமோடு பசை வைத்து ஒட்டுவோம், அதுதான் லேமினேஷன். பிறகு சூடான அறையில் இரண்டு நாள் கிடக்க வேண்டும், பசை இறுக. அப்புறம் உங்கள் மெஷின் அகலத்துக்கு அறுத்து, எடை போட்டு, லாரிக்கு. பதினெட்டு நாள் கேட்கிறோம் என்றால் மீதி நாள் வரிசையில் நிற்கும் நாள். ஆறு கலருக்கு ஆறு சிலிண்டரை மாட்டி, கலர் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை ஓடும் ஃபிலிம் எல்லாம் குப்பைக்குப் போகும். 200 கிலோவுக்கும் அந்தச் சேதாரம்தான், 2,000 கிலோவுக்கும் அதேதான். தீபாவளி சமயத்தில் பெரிய கம்பெனி ஆர்டர் வந்தால் சின்ன ஆர்டர் பின்னால் தள்ளப்படும். நானும் தள்ளியிருக்கிறேன். சரி என்று சொல்லவில்லை, நடப்பது இதுதான்.

அதனால் "எப்போது அனுப்புவீர்கள்" என்று கேட்காதீர்கள், "நாளைக்கு" என்பதுதான் பதிலாக வரும். "அச்சு எந்த நாள் ஓடியது, லேமினேஷன் எந்த நாள், இப்போது சூடு அறையில் இருக்கிறதா" என்று கேளுங்கள். ரோலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிலிண்டரே மெஷினில் ஏறவில்லை என்றால் இந்தக் கேள்விக்குப் பொய் சொல்வது கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. ரொம்ப நெருக்கினால் சிலர் சூடு அறையில் ஒரு நாள்கூட வைக்காமல் அறுத்து அனுப்பிவிடுவார்கள். ரோலைப் பிரித்தவுடன் நெயில் பாலிஷ் மாதிரி வாசம் வந்தாலோ, சீல் போட்ட ஓரத்தில் இரண்டு ஃபிலிமும் விரலால் பிரிந்தாலோ அதுதான் காரணம். முறுக்கு எண்ணெய்ப் பண்டம், அந்த வாசத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும்.

---

கைமுறுக்கு

அண்ணா, மூன்று வருஷமாக வாங்குகிறேன், இதை யாரும் சொன்னதில்லை. இப்போதே கேட்டுவிட்டு வருகிறேன்.

---

கைமுறுக்கு · மாலை

கேட்டேன். முதலில் சமாளித்தார். படம் கேட்டதும் "அச்சு இன்னும் ஓடலைம்மா, இந்த வாரம் ஏத்திடறேன்" என்றார். அப்படியென்றால் பத்து நாளாகச் சொன்ன "நாளைக்கு" எல்லாம்...

வேறு அச்சகத்துக்குப் போகலாம் என்றால் சிலிண்டர் அவரிடம் இருக்கிறது. நாற்பதாயிரத்துக்குப் பக்கம் கொடுத்துச் செய்தது.

---

அச்சுமை

சிலிண்டருக்குத் தனி பில் உங்கள் பேரில் இருந்தால் அது உங்கள் சொத்து. ஆனால் பாக்கி வைத்துக்கொண்டு கேட்டால் எவரும் தரமாட்டார்கள், நானும் தரமாட்டேன். தந்தாலும் எல்லா மெஷினிலும் பொருந்தாது. அச்சு நீளமும் துளை அளவும் மெஷினுக்கு மெஷின் மாறும். புது அச்சகத்தில் அளவு கேட்டுவிட்டு அப்புறம் சண்டை போடுங்கள்.

---

பேரேடு

நாளைக்கே 41,360ஐ வங்கி மூலம் அனுப்புங்கள். கடிதத்தில் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லுங்கள். பிறகு எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பலம் கூடும்.

நஷ்டம் பற்றி ஒன்று. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73படி, தாமதத்தால் இயல்பாக வரும் நஷ்டம், அல்லது ஒப்பந்தம் பேசும்போதே இரண்டு பேருக்கும் தெரிந்திருந்த நஷ்டம், இவைதான் கிடைக்கும். தீபாவளிச் சரக்குக்கு என்று ஆர்டர் போடும்போது சொன்னீர்களா? நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் பார்ப்பார்கள். கவர் வரவில்லை என்று கை கட்டி உட்கார்ந்து, விற்காமல் போன முறுக்குக்கெல்லாம் லாபம் கேட்டால் நிற்காது.

---

கைமுறுக்கு

ஆகஸ்ட் 25 மெசேஜில் "தீபாவளி ஆர்டர், லேட் பண்ணிடாதீங்க" என்று போட்டிருக்கிறேன்! இப்போதுதான் பார்த்தேன்.

சும்மா உட்காரவில்லை. அச்சில்லாத கவர் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டலாம் என்று திருச்சியில் விலை கேட்டேன். உரிம எண், எடை, விலை, பச்சைப் புள்ளி, சத்து விவரம் எல்லாம் ஸ்டிக்கரிலேயே வர வேண்டும். ஒட்டுக் கூலியோடு பாக்கெட்டுக்கு 1 ரூபாய் 10 காசு கூடுதல். முதல் லோடுக்கு 12,000 பாக்கெட் வேண்டும். 13,200 ரூபாய் ஆகும்.

---

பேரேடு

அந்த 13,200தான் உங்கள் கோரிக்கை. சின்னத் தொகைதான், ஆனால் பில்லோடு நிற்கும் தொகை.

---

ஓய்வு பர்ச்சேஸ்

கெடு தேதியைப் பார்த்து வையுங்கள் அம்மா. இரண்டு தடவை தாமதமாக வந்ததைப் பேசாமல் வாங்கியதால், தேதி உங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை என்று அவர் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தில் புதிதாக ஒரு தேதி வைத்து, அதுதான் கடைசி என்று எழுத வேண்டும். முடியாத தேதி வைத்தால் அது உங்கள் தப்பாகிவிடும். 30ம் தேதி என்று வைக்கலாமா?

---

அச்சுமை

30 முடியாது சார். நாளைக்கே ஏற்றினாலும் ஒரு வாரம். நடுவில் ஆயுத பூஜை. மெஷினைக் கழுவி, பொட்டு வைத்து, பூஜை போட்டால் இரண்டு நாள் யாரும் தொடமாட்டார்கள். அக்டோபர் 6 வையுங்கள். அதற்கும் முடியாது என்றால் அவர் மனசு இல்லை என்று அர்த்தம்.

---

நெருப்பு

6ம் தேதியா? அதுக்குள்ள தீபாவளியே வந்துடும் சார்.

---

கைமுறுக்கு · செப்டம்பர் 25

முதல் லோடு ஸ்டிக்கரில் போகிறது தம்பி, அதனால் 6 எனக்குச் சரிதான். பணம் காலையில் அனுப்பிவிட்டேன். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் போன கடிதம் இது:

"ஐயா,

பொருள்: ஆகஸ்ட் 25 ஆர்டர், 200 கிலோ அச்சிட்ட கவர் ரோல், தாமதம் குறித்து.

ஆகஸ்ட் 16 வந்த சரக்கின் பாக்கி ரூ. 41,360 இன்று உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பியுள்ளோம். இன்றைய தேதியில் எங்கள் பக்கம் பாக்கி இல்லை.

இந்த ஆண்டு ஜூன் 20 தருவதாகச் சொன்ன சரக்கு ஜூலை 1 வந்தது. ஆகஸ்ட் 1க்குச் சொன்னது ஆகஸ்ட் 16 வந்தது. ஆகஸ்ட் 25 ஆர்டருக்கு நீங்கள் எழுதிய தேதி செப்டம்பர் 12. அட்வான்ஸ் ரூ. 20,000 பெற்றுள்ளீர்கள். இது தீபாவளிச் சரக்குக்கானது என்று ஆர்டரிலேயே தெரிவித்துள்ளோம். அச்சு இன்னும் தொடங்கவில்லை என்று நேற்று போனில் சொன்னீர்கள்.

அக்டோபர் 6 மாலைக்குள் 200 கிலோவும் எங்கள் இடத்துக்கு வந்து சேர வேண்டும். இந்தத் தேதி எங்களுக்கு முக்கியமானது, இதற்கு மேல் நீட்டிக்க இயலாது. அச்சு, லேமினேஷன், அறுப்பு ஆகிய மூன்றும் எந்தெந்த நாளில் என்று 27ம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். பசை இறுகும் நாளைக் குறைக்க வேண்டாம்.

சரக்கு வராததால் அச்சில்லாத கவரும் ஸ்டிக்கரும் வாங்குகிறோம். 12,000 பாக்கெட்டுக்குக் கூடுதல் செலவு ரூ. 13,200. பில் நகல்களை அனுப்புவோம். தாமதமாக வரும் சரக்கை நாங்கள் பெற்றுக்கொண்டாலும் இந்தத் தொகையைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. இதற்குக் கிரெடிட் நோட் தரக் கேட்டுக்கொள்கிறோம்.

அக்டோபர் 6 தாண்டினால் ஆர்டரை ரத்து செய்து, அட்வான்ஸையும் எங்கள் பெயரில் பில் போட்ட ஆறு சிலிண்டர்களையும் திரும்பப் பெறுவோம்."

---

ஓய்வு பர்ச்சேஸ்

நன்றாக இருக்கிறது. நானாக இருந்தால் ரத்து செய்வதைக் கடைசிப் பத்தியில் வைத்திருக்க மாட்டேன், முதல் பத்தியிலேயே போட்டிருப்பேன். போகட்டும், என் கைப்பழக்கம் அது.

---

அச்சுமை

"பசை இறுகும் நாளைக் குறைக்க வேண்டாம்" என்ற வரியைப் படித்தால் இந்த அம்மாவுக்கு விஷயம் தெரியும் என்று பயப்படுவார். 13,200 தருவார் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அடுத்த பில்லில் கிலோவுக்கு இவ்வளவு என்று குறைத்துக் கேட்டால் ஒருவேளை.

---

பேரேடு

தள்ளுபடி என்றாலும் அவர் பில்லிலோ கிரெடிட் நோட்டிலோ வர வேண்டும். நீங்களாகப் பணத்தில் குறைத்து அனுப்பாதீர்கள், ஜிஎஸ்டி கணக்கு இடிக்கும்.

---

கைமுறுக்கு · அக்டோபர் 6, இரவு

27ம் தேதி மூன்று நாளையும் எழுதி அனுப்பினார், படத்தோடு. 13,200 பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்று சாயங்காலம் லாரி வந்தது. 120 கிலோதான். மீதி 80 கிலோ 9ம் தேதி என்று செல்லானில் பேனாவால் எழுதியிருக்கிறது. ரத்து செய்ய மனசு வரவில்லை, கையில் கவர் வேண்டும். செல்லானில் "120 கிலோ மட்டும் பெற்றோம். செப்டம்பர் 25 கடிதத்தின் கோரிக்கை தொடர்கிறது" என்று எழுதிப் படம் அனுப்பிவிட்டேன்.

ஒரு சந்தேகம். நான்கு ரோலில் மூன்று நன்றாக இருக்கிறது. ஒன்றைப் பிரித்தால் லேசாக அந்த நெயில் பாலிஷ் வாசம். ஒரு துண்டு வெட்டிச் சீல் போட்டு இழுத்தேன், ஓரம் பிரிகிறது. அந்த ரோலை மெஷினில் போடவில்லை. அச்சகத்து அண்ணா இருக்கிறீர்களா?

---

அச்சுமை

இருக்கிறேன். போடாததே நல்லது. சூடான இடத்தில் இரண்டு நாள் வைத்தால் பிரிவது நிற்கலாம். ஆனால் சுற்றிய ரோலுக்குள் மாட்டிய வாசம் லேசில் வெளியே வராது. அந்த ரோல் பண்டத்துக்கு ஆகாது. அதன் லேபிள், எடை, பிரிந்த துண்டு மூன்றையும் படம் எடுத்து இன்றே எழுதுங்கள்.

---

பேரேடு

ஆமாம், இன்றே. ஆட்சேபத்துக்கான 15 நாள் இன்றிலிருந்துதான். மற்ற மூன்று ரோலுக்கும் பணம் கெடுவுக்குள் போகட்டும், இந்த ஒன்றை மட்டும் நிறுத்துங்கள்.

---

கைமுறுக்கு

எடை 31 கிலோ. எழுதி அனுப்பிவிட்டேன், இரண்டு டிக் விழுந்திருக்கிறது.